கீலின் நீளமும் காம்பின் நுனியும்: படங்களிலேயே பிடிபட்ட ஒரு போலி ஏர்பாட்ஸ் ப்ரோ

2025 பிப்ரவரியில், கோயம்புத்தூரில் இருக்கும் என் சித்தி மகன், பழைய பொருள்களை விற்கும் தளம் ஒன்றில் வந்த விளம்பரத்தின் ஆறு படங்களை எனக்கு அனுப்பினான். ஏர்பாட்ஸ் ப்ரோ, இரண்டாம் தலைமுறை, யூஎஸ்பி-சி கேஸ், பதினான்கு மாதம் பயன்படுத்தியது, பெட்டி உண்டு, பில் இல்லை, விலை 11,500 ரூபாய் என்று விளம்பரத்தில் இருந்தது. அதே பொருளின் அறிவிக்கப்பட்ட விலை அப்போது 24,900 ரூபாய். படங்களுக்குக் கீழே, “அண்ணா, சீரியல் நம்பரைப் போட்டுப் பார்த்துட்டேன், ஆப்பிள் சைட்ல சரியாத்தான் வருது. அட்வான்ஸ் அனுப்பிடவா?” என்று கேட்டிருந்தான்.

நான் சென்னையில் செல்பேசிகளையும் சிறு ஒலிக்கருவிகளையும் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன். சார்ஜ் ஏறவில்லை என்று என் மேசைக்கு வருகிற இயர்பட்ஸில் கணிசமானவை போலியாகவே இருக்கின்றன. போலி என்று தெரியாமலே வாங்கியவர்கள்தான் அவற்றைக் கொண்டு வருகிறார்கள். ஆகையால், பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாத நிலையில், படங்களை மட்டும் வைத்து எதுவரை உறுதியாகச் சொல்ல முடியும் என்பதைச் சில ஆண்டுகளாகவே குறித்து வைத்து வருகிறேன். இந்த ஒரு விற்பனையில் கீல், சார்ஜ் தொடுமுனைகள், அச்செழுத்து ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவில் சாட்சி சொன்னதால், நடந்ததை முழுமையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தச் சீரியல் நம்பரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆப்பிளின் checkcoverage.apple.com பக்கத்தில் ஒரு எண்ணைப் போட்டு விடை வந்தால், அப்படி ஓர் எண்ணுள்ள பொருளை ஆப்பிள் தயாரித்திருக்கிறது என்பது மட்டுமே அதனால் தெரியும். அந்த எண் அச்சிடப்பட்ட கேஸ்தான் நம் முன்னால் இருக்கிறதா என்பதை அந்தப் பக்கத்தால் சொல்ல முடியாது. உண்மையான ஒரு கேஸின் எண்ணை எடுத்து ஆயிரம் போலிகளில் அச்சடிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை, அப்படித்தான் செய்கிறார்கள். தன் பொருளை விற்க நினைப்பவர்கள் சீரியல் நம்பர் தெளிவாகத் தெரியும்படி படம் போடும்போது, அந்த எண்ணைப் போலிக்காரர்களுக்குத் தாங்களாகவே எடுத்துக் கொடுக்கிறார்கள். எண்ணைச் சரிபார்ப்பது, விடை வராவிட்டால் பொருளை ஒதுக்கிவிடுவதற்கு உதவும். விடை வந்துவிட்டது என்பதற்காகப் பொருளை ஏற்றுக்கொள்ள முடியாது. ஆகவே தம்பியிடம், “பணம் எதுவும் அனுப்பாதே, இன்னும் சில படம் கேட்டு வாங்கு” என்று சொன்னேன்.

பொருளின் மொத்த உருவமும் சாட்சி ஆகாது. இதற்கு எல்லோரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 ஆகஸ்ட் 31 அன்று நியூயார்க் ஜான் எஃப் கென்னடி விமான நிலையத்தில், ஹாங்காங்கிலிருந்து வந்த 2,000 இயர்பட்ஸ்களைப் போலி ஏர்பாட்ஸ் என்று அமெரிக்கச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. உண்மையானவையாக இருந்திருந்தால் அவற்றின் மதிப்பு 3,98,000 டாலர் என்றும் அறிவித்தது. ஆனால் அந்தத் துறையே வெளியிட்ட படத்தில் இருந்த பெட்டியின் மேல் ஒன்பிளஸ் பட்ஸ் என்ற பெயர் தெளிவாக இருந்தது. அது வேறொரு நிறுவனம் தன் பெயரிலேயே விற்ற பொருள். வடிவம் ஆப்பிளின் பதிவுபெற்ற வணிகச் சின்ன உரிமையை மீறுகிறது என்பதால் பறிமுதல் சரியே என்று துறை பின்னர் விளக்கியது. அந்தச் சட்ட வாதம் தனி விஷயம். வெள்ளை நிறம், குட்டைக் காம்பு, வளைந்த ஓரங்கள் ஆகியவை ஒரு பொருள் எதைப் போல இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும், அது எது என்பதைக் காட்டாது என்பதே நமக்கு வேண்டியது. நாம் பார்க்க வேண்டியவை, செய்து முடிக்கக் கடினமானதும் அதிகச் செலவு பிடிப்பதுமான சின்னஞ்சிறு இடங்கள்.

கீல்

அந்த ஆறு படங்களில் கேஸின் பின்புறத்தைக் காட்டியது ஒன்றுதான். மூடியையும் உடலையும் இணைக்கும் உலோகக் கீல் பின்புறத்தின் மேல்பகுதியில் ஒரு பட்டையாகத் தெரியும். உண்மையான கேஸில் அந்தப் பட்டை சுற்றியுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக்கின் மட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும். விரல் நகத்தை அதன் மேல் ஓட்டினால் ஓரம் ஏறக்குறைய இடறாது. பட்டைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே உள்ள கோடு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே தடிமனாக இருக்கும். இந்த நுணுக்கத்தைக் கொண்டுவர உலோகத்தை வெட்டும் கருவியும் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சும் மிகத் துல்லியமாக ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். போலி செய்பவர் செலவைக் குறைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

கீலின் பளபளப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஜன்னல் ஓரத்தில் ஒரு மாதிரியும் குழல்விளக்கின் கீழ் இன்னொரு மாதிரியும் தெரிகிற ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்வது தவறு. இணையத்தில் பலர் பளபளப்பையே முதல் அடையாளமாகச் சொல்கிறார்கள். அதை நம்பி உண்மையான பொருளை ஒதுக்கியவர்களையும் போலியை வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அளந்து பார்க்கக் கூடியவற்றைத்தான் நான் பார்க்கிறேன். கீலின் நீளம் கேஸின் அகலத்தில் எத்தனை பங்கு, பட்டை மட்டமாக இருக்கிறதா, இரு பக்கக் கோடுகளும் சமமா என்ற மூன்றுமே அவை.

கேஸின் அகலம் 60.6 மில்லிமீட்டர் என்று ஆப்பிளே வெளியிட்டிருப்பதால், நேராகப் பின்னாலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் நமக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிடுகிறது. விற்பவரின் படத்தில் கேஸின் அகலம் 1,212 பிக்சல் இருந்தது. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 20 பிக்சல். இந்தத் தெளிவில் ஓர் ஓரத்தை நான்கைந்து பிக்சல் பிசகாமல் குறிக்க முடியும் என்பதால், கீலின் இரு முனைகளையும் சேர்த்து அரை மில்லிமீட்டருக்குள் பிழை அடங்கிவிடும். என் வீட்டில், அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லுடன் வாங்கிய அதே மாதிரி ஏர்பாட்ஸ் ஒன்று இருக்கிறது. அதை அரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படத்தை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தேன். இரண்டிலும் கீலின் நீளத்தைக் கேஸின் அகலத்தால் வகுத்துப் பார்த்தேன். விற்பவரின் கேஸில் அந்த விகிதம் என்னுடையதைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு குறைவாக வந்தது.

ஐந்து சதவீதம் என்பது தயங்க வைக்கிற அளவு. பிக்சல் பிழையே அதில் பாதியைத் தின்றுவிடலாம். ஆனால் இந்த இடத்தில் படம் எடுத்த தூரத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். பலர் கவனிக்காமல் விட்டுவிடுவது இதைத்தான். கேஸின் கனம் 21.7 மில்லிமீட்டர். பின்னாலிருந்து பார்க்கும்போது கீல் கேமராவுக்கு மிக அருகில் இருக்கிற பரப்பில் இருக்கிறது. நாம் அகலம் என்று அளக்கிற இடவல ஓரங்களோ, கனத்தின் பாதியளவு, அதாவது ஏறத்தாழ 11 மில்லிமீட்டர், பின்னால் தள்ளி இருக்கின்றன. கேமரா 15 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் கீல் 150 மில்லிமீட்டரிலும் ஓரங்கள் 161 மில்லிமீட்டரிலும் இருக்கும். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால் கீல் தன் உண்மையான பங்கைவிட ஏழு சதவீதம் நீண்டு தெரியும். அரை மீட்டர் தூரத்தில் இந்தப் பிழை இரண்டு சதவீதமாகச் சுருங்கிவிடும்.

விற்பவரின் படம் கையெட்டும் தூரத்தில்கூட இல்லை, மிக அருகில் வைத்து எடுத்தது. கேஸின் ஓரங்கள் உருண்டு பின்வாங்கித் தெரிந்ததிலிருந்தே அது புரிந்தது. அப்படியானால் அந்தப் படத்தில் கீல் என்னுடையதைவிட நீளமாகத் தெரிந்திருக்க வேண்டும். நீளமாகத் தெரிய வேண்டிய சூழலிலேயே குட்டையாகத் தெரிந்தது என்றால், உண்மையான குறைவு ஐந்தைவிட அதிகம், பத்துச் சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்று கணக்கிட்டேன். ஊகத்தைச் சோதிக்க வழி எளிது. அரை மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, கேஸை ஒரு புத்தகத்தின் மேல் நிறுத்தி, கேமராவை கீலின் உயரத்திலேயே பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லித் தம்பி மூலம் கேட்டேன். அந்தப் படத்தில் குறைவு ஒன்பதரை சதவீதமாக வந்தது.

அதே படத்தில் இன்னொன்றும் இருந்தது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்ததால், கீல் பட்டையின் கீழ் ஓரத்தில் இடப்பக்கம் தலைமுடி அளவுக்கு ஒரு நிழல் தெரிந்தது, வலப்பக்கம் அது இல்லை. பட்டை ஒரு முனையில் மேடாகவும் மறுமுனையில் மட்டமாகவும் இருக்கிறது, கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். இதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கீழே விழுந்து அடிபட்ட உண்மையான கேஸிலும் கீல் கோணிக்கொள்ளும், மூடி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். ஆனால் விழுந்தால் பட்டை கோணுமே தவிர, ஒன்பது சதவீதம் குட்டையாகிவிடாது.

தொடுமுனைகள்

கேஸுக்குள் காம்புகள் இறங்குகிற இரண்டு குழிகளின் அடியில்தான் சார்ஜ் ஏற்றும் தொடுமுனைகள் இருக்கின்றன. விளம்பரப் படங்களில் குழிகள் வெறும் கருநிழலாகவே இருந்தன. இதில் விற்பவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, யார் எடுத்தாலும் அப்படித்தான் வரும். பட்களை வெளியே எடுத்துவிட்டு, இன்னொரு செல்பேசியின் டார்ச்சை நேர் மேலிருந்து பிடித்து, இரண்டு குழிகளும் ஒரே படத்தில் வரும்படி எடுக்கச் சொன்னேன். இரண்டும் ஒரே படத்தில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். அப்போதுதான் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல அமைந்திருக்கின்றனவா என்று பார்க்க முடியும்.

உண்மையான கேஸில் குழியின் அடியில் இருப்பவை மெல்லிய தகட்டுத் துண்டுகள் போன்ற தொடுமுனைகள். காம்பு உள்ளே இறங்கும்போது அதன் உலோக நுனியை அவை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். விலை குறைந்த பொதுவான வயர்லெஸ் இயர்பட்ஸில் வேறு முறை. உள்ளே ஸ்பிரிங் வைத்த, நுனி உருண்ட சிறு ஊசிகள் நிமிர்ந்து நிற்கும். இவற்றைச் சந்தையில் போகோ பின் என்பார்கள். அவை மலிவானவை, எந்தப் பலகையிலும் பற்றவைத்துவிடலாம், குழியின் அளவு கொஞ்சம் பிசகினாலும் ஸ்பிரிங் அதை ஈடுகட்டிவிடும். துல்லியமான அச்சுக்குச் செலவு செய்யாதவருக்கு அதைவிட வசதியான வழி வேறு இல்லை.

டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படத்தில், ஒவ்வொரு குழியின் அடியிலும் பொன்னிறத்தில் இரண்டு உருண்ட புள்ளிகள் மின்னின. வலக்குழியில் ஒரு புள்ளி நடுக்கோட்டைவிட்டு லேசாக விலகியிருந்தது. அதன் அருகே பசை வழிந்து காய்ந்தது போன்ற ஒரு மங்கிய படிவும் இருந்தது. படிவை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியர்வையும் காதுமெழுகும் எந்தக் கேஸிலும் அப்படி உறைந்து கிடக்கும், சில நாளில் பச்சை பூத்தும் போகும். ஆனால் உருண்ட ஊசிகள் இருந்தது அழுக்கால் விளைந்த தோற்றம் அல்ல, அந்தக் கேஸின் அமைப்பே அதுதான்.

அடுத்து, அந்த ஊசிகள் தொடுகிற எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன். உண்மையான ஏர்பாட்ஸ் ப்ரோவில் காம்பின் நுனி உலோகம், சார்ஜ் தொடர்பு அதன் வழியாகத்தான். தம்பி கேட்டு வாங்கிய படத்தில் இரு காம்புகளும் நுனி மேல்நோக்கி இருக்கும்படி மேசையில் கிடந்தன. பார்த்தவுடன் வெள்ளி நுனி சரியாகவே தோன்றியது. படத்தைப் பெரிதாக்கியபோது இடது பட்டின் ஓரத்தில் வெள்ளி நிறம் ஒரு சிறு செதிலாக உரிந்து, உள்ளே காம்பின் அதே வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிந்தது. மின்சாரம் போவதற்கென்று நடுவில் இரண்டு சிறிய பொன்னிறப் பொட்டுகள் தனியாகப் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றின் மேல் ஊசி குத்திக் குத்தி உண்டான வட்டத் தழும்பும் இருந்தது.

உலோகத்தில் கீறல் விழும், நிறம் மங்கும், கறை ஏறும். பூச்சு உரிந்து உள்ளே பிளாஸ்டிக் தெரிந்தால், அந்த நுனி முதலிலிருந்தே உலோகமாக இருக்கவில்லை என்பது தவிர வேறு விளக்கம் கிடையாது. என்னைப் பொறுத்தவரை விஷயம் இந்தப் படத்தோடு முடிந்துவிட்டது. பழைய பொருளில் தேய்மானம் நமக்குத் துணையாக வருகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெட்டியைப் பிரிக்காத புதிய போலியில் இந்தப் பூச்சு முழுதாக இருந்திருக்கும், நானும் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அச்செழுத்து

எழுத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மூன்றிலும் மிக எளிதாகத் திருத்திக்கொள்ளக் கூடியது எழுத்துதான். அச்சடிக்கும் படிவத்தை மாற்ற ஒரு பிற்பகல் போதும். படத்தில் மிக எளிதாகக் கெட்டுப்போவதும் எழுத்துதான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில், அரை மில்லிமீட்டர் உயரமுள்ள வெளிர்சாம்பல் எழுத்துகள் தடித்து, ஓரம் கரைந்து, போலி அச்சைப் போலவே தோன்றும். பல செல்பேசிக் கேமராக்கள் கூர்மையைக் கூட்டுவதற்காக எழுத்தின் ஓரத்தில் தாமாகவே ஒரு கருங்கோடு சேர்க்கின்றன. எழுத்து தடிமனாக இருக்கிறது, கருமையாக இருக்கிறது என்று சுருக்கிய படத்தைப் பார்த்துச் சொல்வதில் பயனில்லை. ஆகவே படங்களை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்கினேன். லென்ஸை ஒட்ட வைக்காமல், ஒரு சாண் தள்ளி வைத்துப் பெரிதாக்கி எடுக்கவும் சொன்னேன், மிக அருகில் போனால் குவியம் கிடைக்காது.

மூடியின் உட்புறத்தில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருந்தன. மாடல் எண் A2968. யூஎஸ்பி-சி துளை உள்ள இரண்டாம் தலைமுறைக் கேஸுக்கு அதுதான் சரியான எண். லைட்னிங் துளை உள்ள முந்தைய கேஸுக்கு A2700, முதல் தலைமுறைக்கு A2190. துளை ஒன்றாகவும் எண் இன்னொன்றாகவும் இருக்கிற போலிகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. இது அந்த வகை இல்லை. எழுத்தின் வடிவமும் இடைவெளியும்கூட என்னுடையதோடு ஒத்துப்போயின. பின்புறத்தில் கீலுக்குக் கீழே உள்ள Designed by Apple in California என்ற வரியும் எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. அந்த வரியின் நடுப்புள்ளியிலிருந்து கீலின் நடுப்புள்ளிக்குக் கோடு போட்டுப் பார்த்தபோது வரி லேசாக வலப்பக்கம் தள்ளியிருந்தது. ஆனால் கீலே கோணலாக இருக்கும் கேஸில் எது எதிலிருந்து தள்ளியது என்று சொல்ல முடியாது. ஆகவே அதை விட்டுவிட்டேன். உண்மையாகச் சொன்னால், கேஸின் எழுத்தை மட்டும் காட்டியிருந்தால் நான் அதை ஏற்றுக்கொண்டிருப்பேன்.

பிழை பட்களில் இருந்தது. ஒவ்வொரு பட்டின் அடிப்பக்கத்திலும் மிகச் சிறிய வெளிர் எழுத்தில் மாடல் எண் இருக்கும். இடது பட்டும் வலது பட்டும் தனித்தனிப் பாகங்கள் என்பதால் அவற்றின் எண்களும் வேறு வேறு. இந்தத் தலைமுறைக்கு ஆப்பிள் குறிப்பிடும் எண்கள் A3047, A3048, A3049. ஒரு ஜோடியில் இரண்டிலும் ஒரே எண் இருக்காது. விற்பவரின் படத்தில் இடது பட்டில் A3048 என்று இருந்தது. வலது பட்டைச் சாய்த்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதிலும் A3048. இரண்டாவது படம் வாங்கி மறுபடியும் பார்த்தேன். ஒரே படிவத்தை இரண்டு பட்களிலும் குத்தியிருக்கிறார்கள்.

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கு இடம் கொடுத்தே பார்த்தேன். ஒரு பட் தொலைந்துபோய், வேறொருவரிடம் ஒற்றைப் பட் வாங்கிச் சேர்த்திருந்தால் எண்கள் மாறுபடலாம். ஆனால் அப்படிச் சேர்த்தாலும், இடது காதுக்கு இடது பட்டும் வலது காதுக்கு வலது பட்டும்தான் வாங்க முடியும். தலைமுறை கலந்துபோகலாமே தவிர, இரண்டும் ஒரே எண்ணாக முடியாது.

தீர்ப்பும், நேரில் பார்த்ததும்

அன்று இரவே தம்பிக்குப் பதில் எழுதினேன். நுனிப் பூச்சு உரிந்திருப்பதால் பட்கள் உறுதியாகப் போலி. ஒரே எண் அச்சாகியிருப்பது அதை மறுபடியும் உறுதிசெய்கிறது. கேஸைப் பொறுத்தவரை, கீலின் குறைவும் உருண்ட ஊசிகளும் சேர்ந்து அதுவும் போலி என்றே காட்டுகின்றன. கேஸையும் பட்களையும் தனித்தனியாகத் தீர்மானித்ததற்குக் காரணம், கலப்பு ஜோடிகள் சந்தையில் நிறைய உண்டு. உண்மையான கேஸில் போலிப் பட்களைப் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே கீல், குழி, மூடி எழுத்து ஆகிய எல்லாமே சரியாக இருக்கும், வாங்குபவர் காம்பின் நுனியைப் பார்க்காவிட்டால் பிடிபடாது. கேஸின் படங்கள் எத்தனை நன்றாக இருந்தாலும், அவற்றை வைத்துப் பட்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது.

தம்பி அதோடு விட்டிருக்கலாம். ஆனால் விற்பவர் படங்களைக் கேட்டபோதெல்லாம் சலிக்காமல் எடுத்து அனுப்பியவர் என்பதால், அவருக்குத் தெரிந்து செய்கிறார் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. சனிக்கிழமை காந்திபுரம் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் இருவரும் சந்தித்தார்கள். தம்பி என் சொல்படி ஒரு சிறிய டிஜிட்டல் தராசைக் கொண்டுபோயிருந்தான். பட்கள் இல்லாத கேஸின் எடை 50.8 கிராம் என்பது ஆப்பிள் வெளியிட்டுள்ள அளவு. தராசில் 38 கிராம் வந்தது. பிறகு தம்பியின் ஐபோனுக்கு அருகில் மூடியைத் திறந்தார்கள். உண்மையான ஏர்பாட்ஸுக்கு வருகிற அதே அசைபடம் திரையில் எழுந்தது. இது எவரையும் ஏமாற்றிவிடும், போலிகள் இதை நன்றாகவே செய்கின்றன. ஆனால் ஐஓஎஸ் 16 முதல், இணைக்கிற கருவி உண்மையானதா என்று சரிபார்க்க முடியாதபோது ஐபோன் ஓர் எச்சரிக்கையும் காட்டுகிறது. அந்த எச்சரிக்கை வந்தது. புளூடூத் பக்கத்தில் தகவலைத் திறந்து சீரியல் எண்ணைத் தொட்டுத் தொட்டு மாற்றிப் பார்த்தபோது, கேஸ், இடது, வலது ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்தான் வந்தது. உண்மையானதில் மூன்றும் மூன்று எண்களாக இருக்கும்.

விற்க வந்தவர் இறுதியாண்டு பொறியியல் மாணவர். பகுதிநேர வேலை செய்து சேர்த்த 16,000 ரூபாயைக் கொடுத்து, தள்ளுபடி விலை என்று சொன்ன ஒரு கடையில் வாங்கியிருக்கிறார். கடைக்காரர் பில் தரவில்லை. அவர் தராசையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்றும், கடைசியில் “பதினாலு மாசமா இதைத்தான் அண்ணா ஒரிஜினல்னு கேட்டுட்டு இருந்தேன்” என்று மட்டும் சொன்னார் என்றும் தம்பி எழுதினான். அவரிடமிருந்து எதையும் வாங்காமல், கடையில் போய்க் கேட்பதற்கு உதவியாக நுனிப் படத்தையும் ஒரே எண் தெரிகிற படத்தையும் அவருக்கே குறிப்போடு அனுப்பிவைத்தோம். அன்று மாலை அவர் விளம்பரத்தை எடுத்துவிட்டார்.

அவருடைய கேஸின் பின்புறப் படத்தை, அவர் சம்மதத்தோடு, என் ஒப்பீட்டுப் படங்களோடு சேர்த்து வைத்தேன். ஐந்து வாரம் கழித்து, சேலத்திலிருந்து இன்னொருவர் வேறு ஒரு விளம்பரத்தின் படங்களை அனுப்பிக் கருத்துக் கேட்டார். பிரிக்காத புதுப் பெட்டியிலிருந்து எடுத்தது, நுனிகளில் ஒரு கீறலும் இல்லை. இடது பட்டில் A3048, வலது பட்டில் A3047 என்று எண்கள் இரண்டும் சரியாகத் திருத்தப்பட்டிருந்தன. அரை மீட்டர் தூரத்திலிருந்து ஒரு படம் கேட்டு வாங்கி அளந்தேன். கீல் அதே ஒன்பதரை சதவீதம் குட்டையாக இருந்தது.